மிக்ஸி ஜாரின் கொள்ளளவுக்கு ஏற்ற ஸ்மூத்தி அளவு: மாம்பழம், பால், தயிர்

ஒரு தம்ளர் ஸ்மூத்திக்கு எவ்வளவு பழம், எவ்வளவு பால், எவ்வளவு தயிர் என்பதைச் சொல்லிவிடுவது எளிது. அந்த அளவை நான்கு பேருக்கோ ஏழு பேருக்கோ பெருக்கும்போதுதான் மிக்ஸி ஜார் குறுக்கே வருகிறது. ஜாருக்கு மேல் எல்லை ஒன்றும் கீழ் எல்லை ஒன்றும் உண்டு. மேல் எல்லையைத் தாண்டினால் மூடியின் இடுக்கு வழியாகப் பொங்கி வழியும். கீழ் எல்லைக்குக் குறைந்தால் பழத்துண்டுகள் சுவரில் ஒட்டிக்கொண்டு, பிளேடு வெறும் காற்றில் சுழலும். ஆகவே தம்ளர் அளவைத் தொடுவதற்கு முன் ஜாரை அளந்துவிடுவதே முறை. சென்னையில் பங்கனப்பள்ளி மாம்பழம் மலிவாகக் கிடைக்கும் மே மாதத்தில், எங்கள் வீட்டு மிக்ஸியை வைத்து நான் செய்துபார்த்துத் தீர்மானித்த அளவுகளை, அவற்றின் காரணங்களோடு இங்கே எழுதுகிறேன்.

ஜாரை அளப்பதற்கு ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு ஒன்று போதும். காலி ஜாரைத் தராசில் வைத்து எண்ணைச் சுழியமாக்கிவிட்டு, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினால் தராசு காட்டும் கிராம்தான் ஏறக்குறைய மில்லிலிட்டர் கணக்கும். எங்கள் மிக்ஸியோடு வந்த பெரிய ஜாரின் பெட்டியில் 1.5 லிட்டர் என்று போட்டிருந்தது. விளிம்பு வரை ஊற்றியபோது 1,480 கிராம் வந்தது. பெட்டியில் போட்டிருக்கும் எண் விளிம்பு வரையிலான அளவு என்பதும், அரைப்பதற்கு உரிய அளவு அன்று என்பதும் இதிலிருந்து தெளிவாகும். சில ஜார்களில் உள்ளே அல்லது வெளியே உச்சக் கோடு போட்டிருப்பார்கள். கோடு இருந்தால் அதையே நம்பலாம். எவர்சில்வர் ஜார்கள் பலவற்றில் அப்படிக் கோடு இருப்பதில்லை.

கோடு இல்லாத ஜாருக்கு, விளிம்பு அளவில் 65 சதவீதத்தை நான் மேல் எல்லையாகக் கொள்கிறேன். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. பிளேடு சுழலும்போது நீர்மம் நடுவில் குழிந்து, ஓரத்தில் சுவரைப் பிடித்து ஏறும். ஜாரில் பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றி, கண்ணாடி போன்ற மூடி வழியாக முதல் வேகத்தில் பார்த்தால் ஓர மட்டம் எவ்வளவு உயர்கிறது என்பது தெரியும். இரண்டாவது காரணம் நுரை. தண்ணீர் நுரைக்காது, ஆனால் பாலிலும் தயிரிலும் உள்ள புரதம் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எடை கூடாமல் கன அளவு மட்டும் பத்தில் ஒரு பங்கு போல உயர்ந்துவிடும். நிறையப் பால் விட்டு நீண்ட நேரம் ஓட்டினால் இன்னும் கூடுதலாகவே உயரும். இவ்விரண்டுக்கும் இடம் விட்ட பிறகு மிஞ்சுவதுதான் பயன்படும் கொள்ளளவு.

இனி ஒரு தம்ளரின் அளவு. எனக்குப் பொருந்தி வந்தது பழம் மூன்று பங்கு, பால் இரண்டு பங்கு, தயிர் ஒரு பங்கு என்ற எடைக் கணக்கு. ஒரு தம்ளருக்கு மொத்தம் 240 கிராம் என்று வைத்துக்கொண்டால், தோலும் கொட்டையும் நீக்கிய மாம்பழச் சதை 120 கிராம், பால் 80 கிராம், தயிர் 40 கிராம் ஆகிறது. மூன்றையும் எடையிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜாரைத் தராசின் மேலேயே வைத்து, ஒவ்வொன்றையும் போட்ட பிறகு எண்ணைச் சுழியமாக்கிக்கொண்டு போனால் வேறு அளவுப் பாத்திரம் எதுவும் தேவைப்படாது. கப்பில் அளந்தால் பழத்துண்டுகளுக்கு இடையே உள்ள வெற்றிடமும் சேர்ந்து அளக்கப்படும். பெரிதாக வெட்டிய ஒரு கப் மாம்பழமும் சிறிதாக வெட்டிய ஒரு கப் மாம்பழமும் எடையில் ஒன்றாக இருப்பதில்லை.

இப்போது ஜாரையும் தம்ளரையும் இணைக்கும் கணக்கு ஒரே வரியில் முடிந்துவிடும்.

```
தம்ளர் எண்ணிக்கை = விளிம்பு அளவு × 0.65 ÷ 240
```

எங்கள் பெரிய ஜாருக்கு 1,480 × 0.65 = 962; அதை 240 ஆல் வகுத்தால் நான்கு தம்ளர். அதே மிக்ஸியின் நடுத்தர ஜார் விளிம்பு வரை 980 கிராம் பிடிக்கிறது. அதற்கு 637 கிராம் பயன்படும் அளவு என்பதால், வகுத்தால் 2.65 வரும். பின்னத்தை எப்போதும் கீழ்நோக்கியே விட்டுவிட வேண்டும் என்பதால் அதில் இரண்டு தம்ளர்தான். 400 மில்லி சட்னி ஜாரில் 260 கிராம் இடம் கிடைக்கிறது. அதில் ஒரு தம்ளர் சரியாக அடங்கும். தனி ஒருவருக்குச் செய்ய வேண்டுமென்றால் சட்னி ஜார்தான் சிறந்தது என்பது இந்தக் கணக்கிலிருந்தே தெரியவரும். பெரிய ஜாரில் 240 கிராம் மட்டும் போட்டால் அது பிளேடை ஒட்டியே மூடும். முதல் சுற்றிலேயே பாதி சுவரில் தெறித்து, திரும்பக் கீழே இறங்காது. பெரிய ஜாரில் இரண்டு தம்ளருக்குக் குறைவாக நான் அரைப்பதில்லை.

மூன்று பொருள்களில் தயிரைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் சென்னை வெயிலில் நாளுக்கு நாள் மாறுவது அதுதான். கோடையில் உறை குத்திய பால் ஐந்தாறு மணி நேரத்தில் தயிராகிவிடும். உறைந்த உடனே குளிர்பதனப் பெட்டியில் வைக்காவிட்டால் மாலைக்குள் புளித்துவிடும். புளித்த தயிரை ஆறில் ஒரு பங்கு சேர்த்தாலும் அது மாம்பழத்தின் மணத்தை அமுக்கிவிடும். ஆகவே தயிரை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, புளிப்பு முன்னே வந்தால் தம்ளருக்கு 40 கிராமிலிருந்து 25 கிராமாகக் குறைத்து, குறைந்த 15 கிராமைப் பாலில் கூட்டிக்கொள்கிறேன். மொத்த எடை மாறாததால் ஜார் கணக்கும் மாறுவதில்லை. தயிரின் மேல் தெளிந்து நிற்கும் நீரை வடித்துக் கொட்ட வேண்டியதில்லை. கலக்கிவிட்டு எடுத்தால் போதும். ஆனால் கட்டியை மட்டும் கரண்டியால் அள்ளிப் போட்டால் ஒரு நாள் கெட்டியாகவும் மறுநாள் நீர்த்தும் வரும்.

தயிரும் புளிப்புள்ள பழமும் பாலோடு சேரும்போது பால் திரியாதா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. பாலின் அமிலக் குறியீடான pH 6.6 அளவில் இருக்கும், புளிப்பு கூடக்கூட இந்த எண் குறையும், அது 4.6 அருகே இறங்கும்போது கேசீன் என்னும் பால் புரதம் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். ஆனால் இந்தத் திரட்சி வெப்பத்தைச் சார்ந்தது. பால் நன்றாகக் குளிர்ந்திருந்தால் அமிலம் சேர்ந்தாலும் புரதம் எளிதில் திரளாது. வெதுவெதுப்பாக இருந்தால் சிறு சிறு துகள்களாகத் திரண்டு, குடிக்கும்போது நாக்கில் மணல் போலத் தட்டும். ஆகவே பால், தயிர், பழம் மூன்றும் குளிர்பதனப் பெட்டியிலிருந்து நேரே ஜாருக்கு வர வேண்டும். பாலைக் காய்ச்சி அரை மணி நேரம் ஆறவைத்துப் பயன்படுத்துவது போதாது. பழத்தையும் வெட்டிக் குளிர்வித்துக்கொள்ள வேண்டும். மே மாதத்துச் சமையலறையில் மேசைமேல் இருந்த மாம்பழம் 33, 34 டிகிரி வெப்பத்தில் இருக்கும், ஜாரில் பாதி எடை அதுதான் என்பதால் மொத்தக் கலவையும் சூடாகிவிடும்.

பாலில் கொழுப்பைப் பற்றி ஒரு குறிப்பு. ஆவின் நீலப் பாக்கெட்டில் 3 சதவீதக் கொழுப்பும், பச்சையில் 4.5 சதவீதமும், ஆரஞ்சில் 6 சதவீதமும் இருக்கின்றன. மாம்பழத்துக்குப் பச்சைப் பாக்கெட் போதுமானது. நீலத்தில் செய்தாலும் குறையில்லை, பழச்சதையே கெட்டியைக் கொடுத்துவிடுகிறது. கவனிக்க வேண்டியது ஆடை. நம் வீடுகளில் பாலைக் காய்ச்சி வைக்கும் வழக்கம் இருப்பதால் குளிர்ந்த பாலின் மேல் ஆடை படிந்திருக்கும். சேர்த்துவைத்த ஆடையை மிக்ஸியில் ஓட்டி வெண்ணெய் எடுப்பவர்களுக்கு இதன் விளைவு தெரியும்: குளிர்ந்த ஆடையை அதிக நேரம் சுழற்றினால் வெண்ணெய் திரண்டுவிடும். ஸ்மூத்தியிலும் அதேதான் நடக்கிறது. மஞ்சள் புள்ளிகளாக மேலே மிதப்பதைக் கண்டால் அது பழத்தின் நார் அன்று, வெண்ணெய். ஆகவே பாலை வடிகட்டி ஊற்ற வேண்டும். தயிரின் மேல் ஆடையையும் ஒதுக்கிவிட வேண்டும்.

நான்கு தம்ளருக்கு இந்தக் கணக்கு எப்படி நடந்தது என்பதை முழுவதுமாகச் சொல்கிறேன். தேவை 480 கிராம் சதை, 320 கிராம் பால், 160 கிராம் தயிர். பங்கனப்பள்ளியில் தோலும் கொட்டையும் போக ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சதை தேறும். எனவே முழுப் பழமாக 720 கிராம் வாங்க வேண்டும். நடுத்தர அளவில் இரண்டு பழங்கள் அந்த எடைக்கு வந்துவிடுகின்றன. அரை லிட்டர் பால் பாக்கெட் ஒன்று போதும், மீதியும் இருக்கும். பழத்தைக் கட்டைவிரல் நுனி அளவுத் துண்டுகளாக வெட்டி, அதில் கால் பங்கை, அதாவது 120 கிராமை, உறைபெட்டியில் வைத்துக் கெட்டியாக்கிக்கொண்டேன். ஐஸ் கட்டிக்கு மாற்றாக இதைத்தான் நான் பரிந்துரைப்பேன். ஐஸ் கட்டி போட்டால் அதன் எடையும் கணக்கில் சேர்ந்து, உருகியதும் சுவை நீர்த்துப்போகும். ஐஸ் போட்டே ஆக வேண்டுமென்றால் அந்த எடையைப் பாலில் கழித்துவிட வேண்டும். உறைந்த பழத்துண்டுகளை ஐந்து நிமிடம் வெளியே வைத்துச் சற்று இளக்கிய பிறகே ஜாரில் போடுவது பிளேடுக்கு நல்லது.

அரைக்கும் வரிசையில்தான் நுரையையும் கட்டியையும் ஒருசேரத் தவிர்க்க முடிகிறது. பிளேடு அடியில் இருக்கும் ஜாரில் நீர்மம் முதலில் போக வேண்டும். அதற்காக முழுப் பாலையும் முதலிலேயே ஊற்றிவிட்டால் துண்டுகள் அதில் மிதந்து, பிளேடுக்குத் தப்பிச் சுற்றிக்கொண்டே இருக்கும். நான் பாலில் மூன்றில் ஒரு பங்கை மட்டும், அதாவது 110 கிராமை, முதலில் ஊற்றி, அதன் மேல் 160 கிராம் தயிரையும், பிறகு குளிர்ந்த பழத்துண்டுகளையும், எல்லாவற்றுக்கும் மேலே உறைந்த துண்டுகளையும் போட்டேன். இப்போது ஜாரில் 750 கிராம் கெட்டியான கலவை இருக்கிறது. குமிழை விப்பர் பக்கம் திருப்பி நான்கைந்து முறை விட்டு விட்டு ஓட்டி, பிறகு முதல் வேகத்தில் 10 விநாடியும் இரண்டாம் வேகத்தில் 30 விநாடியும் ஓட்டினேன். நிறுத்தி, சுவரில் ஒட்டியதைக் கரண்டியால் வழித்துவிட்ட பிறகு, மீதமுள்ள 210 கிராம் பாலை ஊற்றி முதல் வேகத்தில் 10 விநாடி மட்டும் கலந்தேன். பழம் அரைபடுவது கெட்டியான முதல் கட்டத்திலேயே முடிந்துவிடுவதால், பால் வெறுமனே கலக்கப்படுகிறது, அடிக்கப்படுவதில்லை. அதனால் நுரை குறைவு. ஜார் நிறைவாக இருக்கும் நேரமும் அந்தக் கடைசி 10 விநாடி மட்டுமே.

இந்த முதல் கட்டத்தில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். மோட்டாரின் ஒலி சட்டென்று மெல்லியதாகி விர்ரென உயர்ந்தால், பிளேடைச் சுற்றிக் காற்றுக் குமிழ் ஒன்று உருவாகி, மேலே உள்ள பழம் கீழே இறங்காமல் நிற்கிறது என்று பொருள். வேகத்தைக் கூட்டினால் குமிழ் பெரிதாகுமே தவிர உடையாது. நிறுத்தி, கரண்டியால் ஒரு முறை கிளறி, எடுத்து வைத்திருக்கும் பாலிலிருந்து 30 கிராம் ஊற்றி மறுபடி ஓட்ட வேண்டும். மாறாக, ஒலி தாழ்ந்து முனகினால் சுமை அதிகம். உறைந்த துண்டுகள் பெரிதாக இருக்கலாம், அல்லது நார் மிகுந்த நாட்டு மாம்பழத்தின் நார் பிளேடின் தண்டில் சுற்றிக்கொண்டிருக்கலாம். தொடர்ந்து ஓட்டினால் மிக்ஸி தானாக நின்றுவிடும். அப்போது சிறிது நேரம் ஆறவிட்டு, அடியிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மறுபடி ஓடும். ஆனால் ஜாரில் உள்ளதைக் குறைக்காமல் பொத்தானை மட்டும் அழுத்திக்கொண்டே இருப்பது மோட்டாரைக் கெடுத்துவிடும்.

960 கிராம் போட்டதில் ஊற்றி எடுத்தது 930 கிராம் அளவுக்கு வந்தது. மீதி ஜாரின் சுவரிலும் பிளேடுக்கு அடியிலும் தங்கிவிட்டது. காற்று கலந்திருந்ததால் கன அளவில் ஏறக்குறைய ஒரு லிட்டர். 300 மில்லி பிடிக்கும் நான்கு கண்ணாடித் தம்ளர்களில் விளிம்புக்குக் கீழே ஒரு விரற்கடை இடம் விட்டு நிறைந்தது. வீட்டுச் சில்வர் தம்ளர்கள் பெரும்பாலும் 200 மில்லிதான் பிடிக்கும் என்பதால், அவற்றில் ஊற்றுபவர்களுக்கு இதே அளவு ஐந்து தம்ளராக வரும். உங்கள் தம்ளரையும் ஒரு முறை தண்ணீர் ஊற்றி எடை பார்த்துவிட்டு, 240 என்ற எண்ணை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். ஆறில் ஒரு பங்கு தயிர், ஆறில் இரண்டு பங்கு பால், மீதிப் பாதி பழம் என்ற பிரிவு எல்லாத் தம்ளருக்கும் ஒன்றுதான்.

ஊரிலிருந்து அத்தை வீட்டார் வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை ஏழு பேருக்குச் செய்ய வேண்டியிருந்தது. ஏழு தம்ளருக்கு 840 கிராம் சதை, 560 கிராம் பால், 280 கிராம் தயிர். ஜாரின் எல்லை நான்கு என்பதால் இரண்டு முறை அரைத்தே ஆக வேண்டும். அதை நான்கும் மூன்றுமாகப் பிரிப்பதே சரி. ஐந்தும் இரண்டுமாகப் பிரித்தால் முதலாவது வழியும். இங்கே இன்னொரு கணக்கும் குறுக்கிடுகிறது: 560 கிராம் பால் என்பது ஓர் அரை லிட்டர் பாக்கெட்டில் கிடைக்கும் 515 கிராமுக்குச் சற்று அதிகம். 45 கிராமுக்காக இன்னொரு பாக்கெட்டை உடைப்பதற்குப் பதிலாக, புளிக்காத தயிர் கையில் இருந்ததால் அந்த 45 கிராமைத் தயிரில் கூட்டிக்கொண்டேன். ஏழு தம்ளரில் பிரிந்தபோது தம்ளருக்கு 6, 7 கிராம்தான். சுவையில் வேறுபாடு தெரியவில்லை. இரண்டு முறை அரைத்ததையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிக் கலந்த பிறகே பரிமாறினேன், ஏனெனில் இரண்டு பழங்கள் ஒரே இனிப்பில் இருப்பது அரிது. “எனக்குக் கொஞ்சம் தண்ணியா குடும்மா, இவ்வளவு கெட்டியா தொண்டையில எறங்காது” என்று அத்தை சொன்னபோது, அவருடைய தம்ளரில் மட்டும் 40 கிராம் குளிர்ந்த பாலைக் கூடுதலாக விட்டுக் கலக்கினேன். நீர்க்க வைப்பதைத் தம்ளரிலேயே செய்துகொள்ளலாம். கெட்டியாக்குவதைத் தம்ளரில் செய்ய முடியாது. அதனால் ஜாரில் எப்போதும் கெட்டியின் பக்கமே சாய்ந்து அளப்பது நல்லது.

மாம்பழம் இல்லாத மாதங்களில் 240 கிராம் என்ற மொத்தத்தையும், தயிரின் 40 கிராமையும் அப்படியே வைத்துக்கொண்டு, பழத்தையும் பாலையும் மட்டும் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்கிறேன். வாழைப்பழம் மாம்பழத்தைவிடக் கெட்டியாக அரைபடும் என்பதால் 90 கிராம் பழத்துக்கு 110 கிராம் பால். பூவன், ஏலக்கி இரண்டுக்கும் இது பொருந்துகிறது. வாழைப்பழம் காற்றுப் பட்டால் கறுக்கும், ஆகவே அரைத்த உடனே குடித்துவிட வேண்டும். சப்போட்டாவுக்கு 100 கிராம் பழமும் 100 கிராம் பாலும். விரலால் அழுத்தினால் குழியும் அளவுக்குக் கனிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் துவர்ப்பு பாலிலும் மறையாது. தர்ப்பூசணியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீரே இருப்பதால் அது மட்டும் இந்த வரிசையில் அடங்காது: 160 கிராம் பழம், 30 கிராம் பால், 50 கிராம் கெட்டித் தயிர் என்று மாற்றினாலும், ஐந்து நிமிடத்தில் நீர் கீழேயும் நுரை மேலேயுமாகப் பிரிந்துவிடுகிறது. எனக்கு அதில் நிறைவு இல்லை.

அன்னாசியையும் பப்பாளியையும் தனியாகவே சொல்ல வேண்டும். அன்னாசியில் புரோமிலெய்ன், பப்பாளியில் பப்பைன் என்று புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் இருக்கின்றன. அவை பால் புரதத்தை உடைக்கும்போது கசப்பு உண்டாகிறது. எவ்வளவு சரியாக அளந்தாலும் இது நிற்பதில்லை. நன்கு பழுத்த பப்பாளியில் நொதி குறைவு என்பதால், 120 : 80 : 40 என்ற மாம்பழ அளவிலேயே அரைத்து, உடனே குடித்துவிட்டால் கசப்பு தெரிவதில்லை. காலையில் அரைத்து மாலைக்கு வைக்கக் கூடாது. அன்னாசியில் நொதி வலுவானது. துண்டுகளைச் சிறிது தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்தால் நொதி செயலிழந்துவிடும். பிறகு முழுவதுமாகக் குளிர்வித்து, வடித்து எடை பார்த்து, 100 கிராம் பழத்துக்கு 90 கிராம் பாலும் 50 கிராம் தயிரும் சேர்த்து அரைக்கிறேன்.